சிறுநீர் ரிப்போர்ட்டில் சீழ் செல் 10–12, ஆல்புமின் ஒரு பிளஸ்: எதை முதலில் பார்ப்பது?

கருங்கல் தையல்காரி

எனக்கு 39 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இடுப்பு வலிக்காக ஒரு மருத்துவரைப் பார்த்தபோது சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். இதுவரை நான் இந்தச் சோதனை செய்ததே இல்லை. ரிப்போர்ட் வந்துவிட்டது, மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை இதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிறம் அடர் மஞ்சள். லேசான கலங்கல். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.030. பி.எச். 6.0. ஆல்புமின் ஒரு பிளஸ். சர்க்கரை இல்லை. மைக்ரோஸ்கோப்பில் சீழ் செல்கள் 10–12, எபிதீலியல் செல்கள் 15–20, சிவப்பணு இல்லை, கால்சியம் ஆக்சலேட் படிகம் சில, பாக்டீரியா காணப்படுகிறது.

சீழ் செல்லுக்கும் ஆல்புமினுக்கும் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வும் இல்லை. சீழ் என்ற சொல்லைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்குச் சர்க்கரை இல்லை என்று வந்திருப்பதை மட்டும் நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாமா?

வாழையும் வயலும்

சகோதரி, இது தெளிவாகச் சிறுநீர்த் தொற்று. சீழ் செல் 5 வரைதான் இருக்கலாம், உங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பாக்டீரியாவும் இருக்கிறது. என் மனைவிக்குப் போன வருடம் இதே மாதிரி வந்தபோது ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. ஆக்சலேட் என்றால் கல் உருவாகிறது என்று பொருள். வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள். ஆல்புமின் என்பது உப்பு இறங்குவது, சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் நின்றுவிடும். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், மருந்துக் கடையில் சொன்னாலே மாத்திரை தருவார்கள்.

பழைய லேப்காரன்

மாத்திரை வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். 30 வருடத்துக்கு மேல் இந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சில கேள்விகள் கேட்கிறேன், மக்களே. சிறுநீரை எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்? எத்தனை மணிக்கு லேபில் கொடுத்தீர்கள்? முதலில் வந்ததைப் பிடித்தீர்களா, நடுவில் வந்ததையா? அதற்கு முந்தைய நாள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? மாதவிலக்கு நாளா? பாட்டிலைத் தரும்போது லேபில் ஏதாவது சொன்னார்களா?

கருங்கல் தையல்காரி

ஐயா, பாட்டிலை முந்தைய நாளே கையில் கொடுத்து, காலையில் பிடித்துவரச் சொன்னார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு, வந்ததை வந்தபடியே பிடித்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து நாகர்கோவில் போய்க் கொடுக்கும்போது பத்தரை ஆகிவிட்டது. மாதவிலக்கு இல்லை. முந்தைய நாள் கல்யாண வேலைக்கான துணி முடிக்கவேண்டி இருந்ததால் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை.

பழைய லேப்காரன்

அப்படியென்றால் உங்கள் சீட்டில் பாதிக்குமேல் உங்கள் உடம்பைப் பற்றியது இல்லை. பாட்டில் பிடித்த விதத்தையும் பஸ் பயணத்தையும் பற்றியது.

எல்லோரும் சீழ் செல் வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது எபிதீலியல் செல் வரி. இது தோலிலும் பிறப்புறுப்பின் உட்பகுதியிலும் இருந்து உதிர்கிற செல். நடுவில் வருவதைச் சுத்தமாகப் பிடித்தால் ஓரிரண்டு வரலாம். 15–20 என்றால், முதலில் வந்த சிறுநீர் வழியில் இருந்ததையெல்லாம் கழுவிக்கொண்டு பாட்டிலுக்குள் வந்திருக்கிறது. வெள்ளைப்படுதலில் வெள்ளையணுக்கள் இருக்கும், தோலில் பாக்டீரியா இருக்கும். அவையும் சேர்ந்தே வந்திருக்கும். சீழ் செல் என்று நாங்கள் எழுதுவது அந்த வெள்ளையணுக்களைத்தான். கண்ணுக்குத் தெரியும் சீழ் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

அந்த 10–12 என்ற எண் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 10 மில்லி சிறுநீரை ஐந்து நிமிடம் சுழலவிட்டு, மேலே இருப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, பெரிய லென்ஸில் பத்து இடங்களையாவது பார்த்து எண்ணுவோம். மேலே எவ்வளவு கொட்டினோம், எவ்வளவு வேகத்தில் சுற்றினோம் என்பதைப் பொறுத்தே 8 ஆகவும் 12 ஆகவும் மாறும். காலை நேரக் கூட்டத்தில் பத்து இடம் பார்க்காமல் மூன்று இடம் பார்த்தவர்களும் உண்டு. அதனால் 5 தாண்டி 6 ஆனால் நோய், 4 ஆனால் நலம் என்று யாரும் கோடு கிழிக்க முடியாது.

இரண்டாவது, நாலரை மணி நேரத் தாமதம். சாதாரண வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்கவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பஸ்ஸில் கைப்பைக்குள், பாக்டீரியா பெருகாமல் என்ன செய்யும்?

வாழையும் வயலும்

அப்படியானால் தாமதத்தால்தான் சீழ் செல்லும் கூடிவிட்டது என்கிறீர்களா?

பழைய லேப்காரன்

இல்லை. பாக்டீரியா உயிருள்ளது, பாட்டிலுக்குள்ளும் பெருகும். வெள்ளையணு பாட்டிலுக்குள் பெருகாது, நேரம் ஆக ஆக உடைந்துபோகும். எனவே பாக்டீரியா கூடியதற்குத் தாமதம் காரணமாக இருக்கலாம், சீழ் செல்லுக்குக் காரணம் பிடித்த விதமாக இருக்கலாம்.

படிகம் பற்றி ஒரு வரி போதும். சிறுநீர் கெட்டியாக இருக்கும்போது ஆக்சலேட் படிகம் சில தெரிவது சாதாரணம். கல் இருக்கிறதா என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. வாழைத்தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

இரவுப்பணி செவிலி

மருந்துக் கடை யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அண்ணனின் மனைவிக்கு எரிச்சலும் காய்ச்சலும் இருந்திருக்கலாம், அவர்களுக்கு மருந்து சரி. இந்த அக்காவுக்கு எந்த அறிகுறியும் இல்லை. அறிகுறி இல்லாத பெண்ணுக்குச் சீழ் செல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆண்டிபயாடிக் கொடுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் கல்ச்சர் எடுப்பார்கள், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தான் தெரியும். முன்னதாகவே நாலு மாத்திரை விழுங்கிவிட்டால் கல்ச்சரிலும் ஒன்றும் வளராது, அப்புறம் உண்மையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு விலக்கு உண்டு, கர்ப்பிணிகள். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் மருந்து கொடுப்பார்கள். இதைப் படிக்கும் யாராவது கர்ப்பமாக இருந்தால், மேலே லேப் ஐயா சொன்னதை வைத்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

அக்கா, இடுப்பு வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?

கருங்கல் தையல்காரி

வலி மாத்திரைதான். கடையில் வாங்குவது. வேலை அதிகமான நாட்களில் இரண்டு. ஒரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. ஏன் கேட்கிறீர்கள்?

ஆழ்கடல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சர்க்கரை பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் வள்ளவிளை. விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். கரைக்கு வந்ததும் சோதனை செய்தேன். இரத்தத்தில் வெறும் வயிற்றில் 118. சிறுநீரில் சர்க்கரை நாலு பிளஸ்! லேபில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். யாரை நம்புவது?

பழைய லேப்காரன்

மருத்துவர் எழுதிய மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று ஏதாவது இருக்கிறதா?

ஆழ்கடல்

முதலாவது இருக்கிறது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன்.

பழைய லேப்காரன்

அப்படியானால் லேபும் சரி, நீங்களும் சரி. அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான். இரத்தம் நல்ல நிலையில் இருக்கும்போதும் சிறுநீரில் நாலு பிளஸ் வரும். அடுத்த முறை மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், சண்டைக்கு வேலை இருக்காது. ஒன்று மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: படகில் வாந்தி எடுத்துச் சாப்பாடு இறங்காத நாட்களில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று. நடுக்கடலில் கேட்க ஆள் இருக்காது.

கருங்கல் தங்கைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவருக்கு, இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 தாண்டினால்தான் சிறுநீரில் கசியும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே நீரிழிவு என்று சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கிறோம். 140 உள்ளவருக்கும் சிறுநீரில் 'இல்லை' என்றே வரும். அம்மாவுக்கு இருக்கிறது என்கிறீர்கள், இரத்தத்தில் பாருங்கள். சிறுநீரின் 'இல்லை'யை நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

விசாவுக்குக் காத்திருப்பவன்

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகவேண்டும். தனியாகச் செய்து பார்த்ததில் எனக்கும் ஆல்புமின் ஒரு பிளஸ் வந்தது. நண்பர்கள், காலையில் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் காணாமல் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பழைய லேப்காரன்

சிறுநீரில் தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் ஸ்டிரிப்பில் காணாமல் போகலாம், உடம்பில் இருந்து போகாது. இந்தக் கேள்வி தங்கையின் சீட்டுக்கும் தேவைப்படுவதால் கணக்காகவே சொல்கிறேன்.

ஸ்டிரிப்பில் ஒரு பிளஸ் என்றால் ஆல்புமின் என்ற புரதம் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 300. ஸ்டிரிப் அளப்பது அடர்த்தியை மட்டுமே. நாள் முழுவதும் எவ்வளவு போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒருவர் தண்ணீரே குடிக்காமல் நாளுக்கு அரை லிட்டர்தான் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஒரு பிளஸ் அவருக்கு 150 மில்லிகிராம் புரதம். நலமாக இருப்பவருக்கும் நாளுக்கு 150 வரை போகும் என்று கணக்கு. இன்னொருவர் நிறையக் குடித்து இரண்டு லிட்டர் கழிக்கிறார், அவருக்கும் ஒரு பிளஸ். அது 600 மில்லிகிராம். சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால்தான் ஆல்புமின் வரியைத் தனியாகப் படிக்கக்கூடாது, சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியோடு சேர்த்துப் படிக்கவேண்டும். தங்கையின் சீட்டில் 1.030, நிறமும் அடர் மஞ்சள். மிகக் கெட்டியான சிறுநீர். அதில் ஒரு பிளஸ் வந்தால் உடனே பதறவேண்டாம், மறுபடி பார்க்கலாம். காய்ச்சல், கடுமையான உடல் உழைப்பு இவற்றுக்குப் பிறகும் தற்காலிகமாக வரும். சிறுநீர் காரத்தன்மையாக இருந்தாலும் ஸ்டிரிப் ஏமாற்றும், ஆனால் இங்கே பி.எச். 6.0, அந்தச் சந்தேகம் இல்லை.

தம்பி, நீங்கள் வளைகுடா மெடிக்கலில் தப்பித்துவிட்டு அங்கே போய்ப் பாலைவன வெயிலில் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் இங்கே மருத்துவரைப் பாருங்கள்.

வாழையும் வயலும்

உப்பு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இரவுப்பணி செவிலி

ஊரில் உப்பு என்று சொன்னாலும், இது நாம் குழம்பில் போடுகிற உப்பு அல்ல, இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம். உப்பைக் குறைத்ததால் மட்டும் நின்றுவிடாது. ஆனால் இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்வோம், ஏனென்றால் அழுத்தமும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே அண்ணன் சொன்னதில் பாதியை வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்குக் காரணமும் இதுதான். அந்த வகை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும், சிலருக்குப் புரதம் போகத் தொடங்கும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் எடுத்துப் போங்கள். இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ, சிறுநீரில் நுரை நின்றாலோ, அளவு குறைந்தாலோ திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.

கருங்கல் தையல்காரி

மறுபடி எடுக்கும்போது எப்படிப் பிடிக்கவேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள். இந்தத் தடவை லேபுக்குப் பக்கத்திலேயே போய்ப் பிடித்துக் கொடுக்கிறேன்.

இரவுப்பணி செவிலி

வெறும் தண்ணீரால் முன்னாலிருந்து பின்னாகக் கழுவுங்கள். சோப்பும் டெட்டாலும் வேண்டாம், மிச்சம் இருந்தால் ஸ்டிரிப்பைக் குழப்பலாம். கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டுவிடுங்கள். நிறுத்தாமலேயே நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள், அரைப் பாட்டில் போதும். கடைசியில் வருவதையும் கீழே விடுங்கள். மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். முந்தைய நாள் வழக்கம்போலத் தண்ணீர் குடியுங்கள், சோதனைக்காகக் கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். சத்து மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். பி காம்ப்ளெக்ஸ் பளிச்சென்ற மஞ்சள் தரும், அதைப் பார்த்து மஞ்சள்காமாலை என்று பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பழைய லேப்காரன்

ஆல்புமினை ஸ்டிரிப்பில் மட்டும் பார்க்காமல் சூடு காட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் மேற்பகுதியை மட்டும் கொதிக்கவைத்தால் கலங்கும். இரண்டு மூன்று துளி அசிட்டிக் அமிலம் விட்டதும் கலங்கல் மறைந்தால் பாஸ்பேட், நின்றால் புரதம். ஒரு பைசா செலவில்லை.

இரவுப்பணி செவிலி

ஐயா, இன்று யாரிடம் அதற்கு நேரம் இருக்கிறது? மறுபடியும் பிளஸ் வந்தால் நேராக ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் எடுத்துவிடலாம். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு, தண்ணீர் கூடக் குறையக் குடித்தாலும் அந்தக் கணக்கு பெரிதாகக் குழம்பாது.

பழைய லேப்காரன்

அது நல்ல சோதனைதான். ஆனால் ஸ்டிரிப் ஆல்புமினைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும், வேறு சில புரதங்களைத் தவறவிடும். நீங்கள் சொல்லும் விகிதமும் ஆல்புமினைத்தான் அளக்கும். கொதிகுழாயில் மற்றவற்றில் சிலவும் கலங்கலாகத் தெரியும். எனவே என் பழைய குழாயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கருங்கல் தையல்காரி

திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்தேன். அவரும் மறுபடி எடுக்கச் சொன்னார், நீங்கள் சொன்னபடியே பிடித்து அரை மணி நேரத்தில் கொடுத்தேன். இரண்டாவது ரிப்போர்ட்: நிறம் வெளிர் மஞ்சள், தெளிவு. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.010. சர்க்கரை இல்லை. சீழ் செல் 2–3, எபிதீலியல் 1–2, பாக்டீரியா இல்லை, படிகம் இல்லை.

ஆல்புமின் அப்படியே ஒரு பிளஸ். மற்ற எல்லாம் சரியாகிவிட்டதால் இதுவும் போகப்போக இறங்கிவிடும், அல்லவா?

பழைய லேப்காரன்

நேராகவே சொல்கிறேன், மக்களே. சீழ் செல் விவகாரம் முடிந்துவிட்டது, அது பாட்டிலின் கதைதான். ஆனால் ஆல்புமின் வரியை இப்போதுதான் கவனமாகப் படிக்கவேண்டும். முன்பு 1.030இல் ஒரு பிளஸ், இப்போது 1.010இல் ஒரு பிளஸ். தண்ணீரில் கரைத்த பிறகும் அதே பிளஸ் நிற்கிறது என்றால் போகும் அளவு முதல் சீட்டில் நினைத்ததைவிடக் கூடுதல். அசுத்தம் கலந்ததால் வந்தது என்றும் இனிச் சொல்ல முடியாது, எபிதீலியல் ஒன்றிரண்டுதான். சிவப்பணு இல்லாதது ஒரு நல்ல விஷயம். அழுத்தம் பார்த்தார்களா?

கருங்கல் தையல்காரி

148க்கு 94. இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் அந்த விகிதம், இரத்தத்தில் கிரியாட்டினின், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றும் எழுதியிருக்கிறார்.

வாழையும் வயலும்

அன்று நான் சொன்னபடி ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டிருந்தால் சீழ் செல் மாத்திரையால் குறைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். ஆனாலும் உப்பு விஷயத்தில் நான் தோற்கவில்லை.

கருங்கல் தையல்காரி

முடிவுகள் வந்துவிட்டன. விகிதம் ஒரு கிராமுக்கு 210 மில்லிகிராம். 30க்குக் கீழே இருக்கவேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. கிரியாட்டினின் 0.8, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நீடிக்கிறதா என்று சொல்ல முடியும் என்றார். வயிற்று ஸ்கேனும், அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார். வலி மாத்திரையால் வந்ததா, அழுத்தத்தால் வந்ததா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது என்றார்.

இரவுப்பணி செவிலி

என் சந்தேகம் வலி மாத்திரை மேல்தான். நிறுத்திய பிறகு இறங்குகிறதா பாருங்கள். கிரியாட்டினின் நன்றாக இருப்பதால் நேரத்தோடு பிடிபட்டிருக்கிறது.

பழைய லேப்காரன்

அழுத்தம் எத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பக்கம். அழுத்த மாத்திரையில் சில வகை தாமாகவே ஆல்புமினைக் குறைக்கும், அதனால் மூன்று மாதம் கழித்து இறங்கினாலும் எதனால் இறங்கியது என்று நாம் இருவரும் சண்டை போடலாம். தங்கை, சர்க்கரை 104 என்பதும் கொஞ்சம் கவனிக்கவேண்டிய எண், மூன்று மாதச் சராசரியையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு சிறுநீர்ச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மருத்துவர் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

விசாவுக்குக் காத்திருப்பவன்

நானும் அந்த விகிதத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஏஜெண்ட் தினமும் அழைக்கிறார், மெடிக்கல் தேதியை எவ்வளவு நாள் தள்ளிப்போட முடியும் என்று யாருக்காவது தெரியுமா?